மூடிக் கிடந்த வள்ளுவரும் அளந்து கொடுத்த தண்ணீரும்

1991 டிசம்பரில் எங்கள் அப்பா தன் கடைப் பெயர்ப்பலகையில் இருந்த தமிழ் எழுத்துகளின் மேல் தானே வெள்ளை பெயிண்ட் அடித்தார். பெங்களூரின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புச் சாமான் கடை அது. ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய் விற்பார். அவருக்கு ஊரில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. காவிரியில் தமிழ்நாட்டுக்கு எத்தனை டி.எம்.சி. வந்தாலும் அவர் வீட்டுக் குழாயில் வருவது கர்நாடகத்தின் பங்கில் இருந்து எடுத்த அதே காவிரிதான். எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பமும் அதையேதான் குடித்தது. தண்ணீர்ச் சண்டையில் அப்பாவுக்குப் பங்கு இருந்தது என்றால், அது கர்நாடகத்தின் பக்கம்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் பெயிண்ட் அடித்தவர் அவர்தான். அந்த டிசம்பர் 12, 13 தேதிகளில் நகரில் தமிழர் வீடுகளும் குடிசைகளும் கடைகளும் எரிந்தன, பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்த ஏழைகள். பாசனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்மீது பாசனத் தீர்ப்பு ஏன் வந்து விழுந்தது? நான் மோதல் தீர்வு பற்றிப் படிக்கப் போனதே இந்தக் கேள்வியால்தான். காவிரி விவகாரத்தை நீர்ப்பங்கீடாகப் பார்க்கும் கட்டுரைகள் தமிழில் நிறைய உண்டு. நான் இங்கே பார்க்கப் போவது அதே காலத்தில் பெங்களூரின் அல்சூர் பகுதியில் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலையை.

முதலில் தண்ணீர்க் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 ஜூனில் மத்திய அரசு காவிரி நடுவர் மன்றத்தை அமைத்தது. 1991 ஜூன் 25 அன்று மன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: கர்நாடகம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விட வேண்டும். கர்நாடக அரசு அதை எதிர்த்து ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று நவம்பர் 22-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானது. அடுத்த ஓரிரு நாளில் நகரம் எரிந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தது. உத்தரவு சொன்ன 205-ஐவிட அதிகமாகவே தண்ணீர் கீழே போனது. அணை காய்ந்து, பயிர் கருகி, அந்த ஆத்திரத்தில் எழுந்த கலவரம் இல்லை இது. தண்ணீர் இருந்த ஆண்டில், ஒரு காகிதம் அரசிதழில் ஏறியதற்காக எழுந்தது.

ஜான் பர்ட்டன் என்ற ஆஸ்திரேலியர் இந்த மாதிரி நிலைமைகளைப் பற்றித்தான் வாழ்நாள் முழுக்க எழுதினார். அரசு வெளியுறவுத் துறையில் உயர் பதவியில் இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். அவர் தகராறு, மோதல் இரண்டையும் பிரித்தார். தகராறு என்பது நலன்களைப் பற்றியது: நிலம், கூலி, விலை, தண்ணீர். இவற்றைப் பங்கு போடலாம், நான் கொஞ்சம் விட்டுக் கொடுக்க நீ கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். மோதல் என்பது தேவைகளைப் பற்றியது: நான் யார் என்பது ஏற்கப்பட வேண்டும், நான் பயமில்லாமல் இருக்க வேண்டும், என்னை ஒரு பொருட்டாக மதிக்க வேண்டும். இவற்றில் மனிதன் பேரம் பேச மாட்டான், பேசவும் முடியாது என்பது பர்ட்டனின் வாதம். அப்பாவிடம் போய் “உங்கள் பெயரில் பாதியை விட்டுக்கொடுங்கள், மீதியை நாங்கள் மதிக்கிறோம்” என்று யாரும் ஒப்பந்தம் போட முடியாது. அடக்கி வைக்கலாம். அடக்கினால் அது வேறு பொருளைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்.

சரி, கர்நாடகத்தின் பக்கம் எந்தத் தேவை அடங்கிக் கிடந்தது? இதைத் தமிழர்களாகிய நாம் பேசாமல் விடுவது வழக்கம். நான் விட விரும்பவில்லை. 1892-ல் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் போட்ட உடன்படிக்கையின்படி, தன் எல்லைக்குள் புதிய பாசன வேலை செய்ய வேண்டுமானால் மைசூர் சென்னையின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சென்னை பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்தது, மைசூரோ அவர்களுக்குக் கட்டுப்பட்ட ராஜ்யம். கிருஷ்ணராஜ சாகர் அணைக்காக நடந்த நீண்ட இழுபறிக்குப் பிறகு 1924-ல் இன்னொரு உடன்படிக்கை வந்தது. அந்த அணையின் கொள்ளளவு ஏறக்குறைய 45 டி.எம்.சி., 1934-ல் முடிந்த மேட்டூரின் கொள்ளளவு 93 டி.எம்.சி.க்கு மேல். நீதி எந்தப் பக்கம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நூறு வருடமாகக் கன்னடியர் ஒருவர் இந்தக் கதையைத் தன் வீட்டில் எப்படிக் கேட்டு வளர்ந்திருப்பார் என்பதை மட்டும் பாருங்கள். நம் மண்ணில் ஓடும் ஆற்றில் கை வைக்க வெளியாரிடம் அனுமதி கேட்டோம் என்றுதான் கேட்டிருப்பார். 205 என்ற எண் வந்தபோது அவர் காதில் விழுந்தது அந்தப் பழைய அனுமதிச் சீட்டின் குரல்.

இதோடு நகரத்தின் கதையும் சேர்ந்துகொண்டது. அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகள் பிரிட்டிஷ் கண்டோன்மென்ட்டாகத் தனியாக ஆளப்பட்டு, சுதந்திரத்துக்குப் பிறகுதான் பழைய பெங்களூரோடு ஒன்றாயின. அங்கே படையோடும் வணிகத்தோடும் வந்த தமிழர் பல தலைமுறையாக இருந்தார்கள். 1956-ல் மாநிலம் மொழிவாரியாக அமைந்து பெங்களூர் அதன் தலைநகரம் ஆனது. ஆனால் அந்தத் தலைநகரில் கன்னடம் பேசுவோர் பாதிக்கும் குறைவு. 1980-களின் தொடக்கத்தில் பள்ளியில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு நடந்த கோகாக் போராட்டத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் மேஷ்ட்ரு என்போம். கலவரத்தின்போது எங்களைத் தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர் அவர். வருடங்கள் கழித்து ஒரு நாள் அவரிடம் கேட்டேன்: “மேஷ்ட்ரே, நீங்க எங்களைக் காப்பாத்தினீங்க. ஆனா வள்ளுவர் சிலையைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னவங்களோட கையெழுத்தும் போட்டீங்க. ஏன்?” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் தமிழில் சொன்னார்: “உங்க அப்பா எனக்குத் தம்பி மாதிரி, அது வேற. நான் கண்டோன்மென்ட் பக்கம் கடைக்குப் போய்க் கன்னடத்துல கேட்டா, பதில் இங்கிலீஷ்ல வரும், இல்லேன்னா தமிழ்ல வரும். முப்பது வருஷமா அப்படித்தான். என் ஊர்ல நான் விருந்தாளியாப்பா?”

அவர் கேட்டதில் டி.எம்.சி. இல்லை. பர்ட்டன் சொன்ன தேவை என்பது ஒரு மனிதர் வாயில் இப்படித்தான் வருகிறது. அவருக்கு வேண்டியது அங்கீகாரம், என் அப்பாவுக்கு வேண்டியது பாதுகாப்பு. இரண்டையும் தண்ணீர் மேசையில் வைக்க முடியாது.

இப்போது சிலைக்கு வருகிறேன். அல்சூர் ஏரிக்கு அருகில் திருவள்ளுவர் சிலை 1991-ல் தயாராகித் திறப்புக்குக் காத்திருந்தது. கன்னட அமைப்புகள் எதிர்த்தன, திறப்பு நின்றுபோனது. அதன் பிறகு சிலையைச் சுற்றி மூடியே வைத்தார்கள். அதை இடிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. கல்லூரிக்கு அந்த வழியாகத்தான் போவேன். மூட்டையாகக் கட்டப்பட்ட ஓர் உருவம், உள்ளே யார் என்று எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு ஆண்டுகள் அப்படியே இருந்தது.

இந்தக் காலத்தில் திறப்புக்காகப் பேச்சுகள் நடந்தன, கோரிக்கை மனுக்கள் போயின. எல்லாமே பேரத்தின் வடிவில் இருந்தன. இந்தப் பேரம் ஏன் நகரவில்லை என்பதற்கு என் பதில் இது: தமிழர் தரப்பு வைத்த கோரிக்கை “எங்களை அங்கீகரியுங்கள்” என்பது. கன்னடத் தரப்புக்கு அது “உங்களுக்கு இங்கே இடம் குறைகிறது” என்று கேட்டது. ஒரே சிலை ஒருவருக்கு அடையாளம், மற்றவருக்கு ஆக்கிரமிப்பு. பாதி திறப்பு என்று ஒன்று கிடையாது. இடத்தை மாற்றலாம், உயரத்தைக் குறைக்கலாம் என்றெல்லாம் பேசினால் இரண்டு பேருக்குமே அது கேவலமாகத்தான் படும்.

2000 ஜூலை 30 அன்று வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினான். 108 நாள் அவரைக் காட்டில் வைத்திருந்தான். அவன் வைத்த கோரிக்கைகளில் காவிரி இருந்தது, 1991-ல் பாதிக்கப்பட்ட தமிழருக்கு இழப்பீடு இருந்தது, பெங்களூரில் வள்ளுவர் சிலையைத் திறப்பதும் இருந்தது. கோகாக் போராட்டத்தின் முகமாக இருந்தவர் ராஜ்குமார். கன்னட அடையாளத்தின் உயிருள்ள உருவத்தைப் பிணையாக வைத்துத் தமிழ் அடையாளத்தின் கல் உருவத்தைத் திறக்கச் சொன்னது அந்தக் கோரிக்கை. துப்பாக்கி முனையில் பணத்தை வாங்கலாம். மரியாதையை வாங்க முடியாது, ஏனென்றால் பயந்து கொடுத்தது மரியாதை ஆகாது. அந்த நூறு நாளும் நகரத்தில் தமிழர் எவரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. ராஜ்குமார் நவம்பர் 15-ல் விடுதலையானார். சிலை இன்னும் ஒன்பது வருடம் மூடியே இருந்தது.

2009 ஆகஸ்ட் 9 அன்று சிலை திறக்கப்பட்டது. கர்நாடக முதல்வர் எடியூரப்பா இருக்க, தமிழக முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்தார். வள்ளுவர் இரண்டடியில் சொன்னவர், சர்வக்ஞர் மூன்றடியில் சொன்னவர். இருவருமே அரசர் புகழ் பாடாமல் சாதாரண மனிதர் எப்படி வாழ வேண்டும் என்று பேசியவர்கள். தேர்வு சரியாக இருந்தது.

இதையும் பேரம் என்று சொல்பவர்கள் உண்டு: ஒரு சிலைக்கு ஒரு சிலை. வெளித்தோற்றம் அப்படித்தான். ஆனால் கைமாறிய பொருள் வேறு வகையானது. நான் 10 டி.எம்.சி. கொடுத்தால் என்னிடம் 10 குறையும். என் ஊரில் உன் கவிஞனுக்கு மாலை போட்டால் என்னிடம் எது குறைகிறது? அங்கீகாரம் கொடுக்கக் கொடுக்கக் குறையாத பொருள். நீ என்னை மதிக்கிறாய் என்று தெரிந்தால் உன்னை மதிப்பது எனக்கு எளிதாகிறது. பாதுகாப்பும் அப்படித்தான்: பயமில்லாத பக்கத்து வீட்டுக்காரரால் எனக்கு ஆபத்து குறைவு. தேவைகளில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டியதில்லை என்று பர்ட்டன் வலியுறுத்தியது இதைத்தான். மேஷ்ட்ரு அந்தச் சென்னைத் திறப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “மெட்ராஸ்ல கன்னட வசனம் சொன்னாங்க, கேட்டியா?” என்றார். அல்சூர் திறப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைபட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் 2009-ல் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். 2016 செப்டம்பர் 5 அன்று, பத்து நாளுக்கு விநாடிக்கு 15,000 கன அடி விடச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.3 டி.எம்.சி., பத்து நாளைக்கு 13. செப்டம்பர் 12 அன்று அதை 12,000 கன அடியாகக் குறைத்தது, ஆனால் 20-ஆம் தேதி வரை நீட்டியது. மொத்தம் கூட்டிப் பார்த்தால் 17-க்கு மேல் வரும். அன்று தெருவில் இறங்கியவர்களில் எத்தனை பேர் இந்தக் கூட்டலைப் போட்டிருப்பார்கள்? அன்று காலை சென்னையில் ஒரு கன்னடர் ஓட்டல் தாக்கப்பட்டது. ராமேஸ்வரத்தில் கர்நாடகப் பயணி ஒருவரை அடித்த காட்சி கைபேசிகளில் சுற்றியது. பிற்பகலில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் லாரிகளும், பணிமனையில் நின்ற பேருந்துகளும் எரிந்தன. பதினாறு காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். தண்ணீரின் அளவைவிட, அடிபட்டவன் நம் ஆள் என்ற காட்சிதான் நெருப்பு வைத்தது.

ஒரு சண்டை நலனைத் தாண்டித் தேவைக்குள் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது இவற்றைத்தான். அளவை மாற்றினால் சூடு மாறுகிறதா? மாறவில்லை என்றால் சண்டை அளவைப் பற்றியது இல்லை. பொருளில் பங்கே இல்லாதவர்கள் அடிக்கிறார்களா, அடிபடுகிறார்களா? பேச்சில் இந்த வருட மழைக்கு முன்னால் நூறு வருடத்து உடன்படிக்கை வருகிறதா? 1991-லும் 2016-லும் பதில்கள் ஒரே மாதிரிதான்: முதல் கேள்விக்கு இல்லை, மற்ற இரண்டுக்கும் ஆம்.

2009 ஏன் 2016-ஐத் தடுக்கவில்லை? அங்கீகாரம் இரண்டு முதல்வர்களுக்கு இடையே மேடையில் நடந்தது. 1991-ல் குடிசை எரிந்தவர்களையும் கன்னடம் பேசிப் பதில் கிடைக்காத மேஷ்ட்ருகளையும் ஒரே அறையில் யாரும் உட்கார வைக்கவில்லை. பர்ட்டனின் முறை அந்த அறைதான். 1965-ல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் இடையே மோதல் நடந்துகொண்டிருந்தபோது, அரசுகள் அனுப்பிய ஆட்களை லண்டனில் உட்கார வைத்து ஆய்வாளர்கள் முன்னால் பேச வைத்தார். அங்கே யாரும் முன்மொழிவு வைக்கக் கூடாது. எதற்குப் பயப்படுகிறாய், எதிராளியின் எந்தச் செயலை எப்படிப் புரிந்துகொண்டாய் என்று மட்டும் பேச வேண்டும்.

காவிரியில் இதற்கு மிக அருகில் வந்த முயற்சி, 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் முன்னெடுத்த காவிரிக் குடும்பம். மன்னார்குடி ரங்கநாதனும் மண்டியாவின் புட்டண்ணையாவும் போன்ற விவசாயத் தலைவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போனார்கள். டெல்டாவில் தண்ணீர் கரை புரண்டு ஓடுகிறது என்று நினைத்திருந்தவர்கள் கடைமடையில் வெடித்த வயலைப் பார்த்தார்கள். கர்நாடகத்தில் கரும்பு மட்டுமே விளைகிறது என்று நினைத்திருந்தவர்கள் வானம் பார்த்த கேழ்வரகுக் காட்டைப் பார்த்தார்கள். பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பகிர்வது என்ற கடினமான கேள்வியையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியில் இரண்டு அரசுகளும் ஒன்றாக உட்காரக்கூட மறுத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்த முயற்சியின் எல்லையும் தெளிவு. குடும்பத்துக்கு அதிகாரம் கிடையாது, மதகின் சாவி அதன் கையில் இல்லை. வழக்கு ஒரு பக்கம் தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, வழக்கு நடக்கும்போது வெளியே விட்டுக்கொடுத்துப் பேசினால் அது நமக்கு எதிராகப் போய்விடும் என்ற பயம் அரசுகளுக்கு. இன்னொன்றும் உண்டு. விவசாயிகள் சந்தித்தார்கள், நகரம் சந்திக்கவில்லை. எரிந்தது நகரம்.

பர்ட்டனை விமர்சித்தவர்கள் சொல்வதில் ஒன்றை நான் முழுதாக ஏற்கிறேன். தேவைகள் எல்லோருக்கும் பொது என்றாலும், அவற்றை எதைக் கொண்டு நிறைவேற்றுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். “இது எங்கள் அடையாளத் தேவை” என்று சொல்லி எதையும் நியாயப்படுத்தவும் முடியும். மேஷ்ட்ருவின் தேவை உண்மையானது. அதற்காகத் தீப்பந்தம் எடுத்தவனின் செயல் தேவை ஆகாது, அது குற்றம். இந்த இரண்டையும் பிரிக்காமல் தேவைக் கோட்பாட்டைப் பேசினால், எரிந்த குடிசைக்காரருக்கு நாம் இரண்டாவது முறை அநியாயம் செய்கிறோம்.

தீர்ப்புகளால் எதுவுமே ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. 2007 இறுதித் தீர்ப்பில் நடுவர் மன்றம், பெங்களூரில் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று கணக்கிட்டு, நகரக் குடிநீரை அதற்கேற்பக் குறைத்திருந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்காமல், கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூட்டியது, அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக. தமிழ்நாட்டுக்கு எல்லையில் 192 என்றிருந்தது 177.25 ஆனது. 4.75 சின்ன எண்தான். ஆனால் “இந்த நகரம் முழுவதும் குடிக்கும்” என்று ஒரு நீதிமன்றம் சொன்னதன் எடை வேறு. அதே ஆண்டில் மேலாண்மை ஆணையமும் வந்தது. 2023 செப்டம்பரில் பற்றாக்குறை வந்தபோது பெங்களூரிலும் கர்நாடகம் முழுவதும் பந்த் நடந்தது, 2016 போல நகரம் எரியவில்லை. காவல்துறை முன்கூட்டியே இறங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

அப்பா பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதியது 2010-ல். மேலே கன்னடம் பெரிதாக, கீழே தமிழ் சின்னதாக. கன்னட எழுத்தில் ஒரு தவறு இருந்தது. மேஷ்ட்ரு சாக்பீஸால் சுழித்துக் காட்டி, பெயிண்டரை நிற்க வைத்துத் திருத்தினார். 2016 செப்டம்பர் 12 பிற்பகல் அப்பா அந்தப் பலகையின் கீழ்ப்பாதியில் ஒரு கோணியைக் கட்டினார். மூன்றாம் நாள் காலையில் கடை திறக்கப் போனபோது கோணி அங்கே இல்லை. மேஷ்ட்ரு அதை மடித்துக் கடைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.